இரண்டு வாரம் வீடு பூட்டியிருக்கும்போது சாடிச் செடிகளுக்குத் திரி வைப்பது எப்படி

விளக்குத் திரியின் அடிநுனி எண்ணெயில் கிடக்க, எண்ணெய் தானாக மேலேறிச் சுடரை எட்டுகிறது. அதே வேலையைத் தண்ணீருக்கும் செய்விக்கலாம். ஒரு தடித்த நூலின் ஒரு முனையைச் சாடி மண்ணிலும் மறுமுனையை அடியில் உள்ள தண்ணீரிலும் விட்டால், மண் காயக் காய நூல் தண்ணீரை மேலே இழுத்துக் கொடுக்கும். மண் போதிய ஈரமாக இருக்கும்போது இழுப்பு குறையும். மின்சாரம், குழாய், டைமர் எதுவும் வேண்டாம்.

சித்திரை வருடப்பிறப்புக்கோ நல்லூர்த் திருவிழாவுக்கோ கொழும்பு வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு இது மிகப் பொருத்தமான முறை. ஆனால் கொழும்பில் இதற்குத் தனியான ஒரு நிபந்தனை உண்டு: வைத்துவிட்டுப் போகும் தண்ணீருக்குள் நுளம்பு நுழையவே கூடாது. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு, நம் வெப்பத்தில் முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். நீங்கள் போவது பதினான்கு நாளுக்கு. ஆகவே கீழே சொல்லும் அமைப்பு முழுவதும் மூடிய பாத்திரத்தை வைத்தே சொல்லப்படுகிறது. வேறு இடத்து வழிகாட்டிகளில் காட்டும் திறந்த பேசின், தண்ணீர் நிரம்பிய தட்டு ஆகியவற்றை இங்கே பின்பற்றாதீர்கள். நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, வீட்டில் அப்படித் தண்ணீர் தேங்கவிடாமல் பார்த்துக்கொள்வது வீட்டில் இருப்பவரின் பொறுப்பு.

எந்தச் செடிக்குத் திரி, எதற்கு வேண்டாம்

எப்போதும் மெல்லிய ஈரத்தை விரும்பும் செடிகளுக்குத்தான் திரி. அந்தூரியம், பீஸ் லில்லி, பெர்ன், சின்கோனியம், கலாத்தியா, மணிபிளான்ட் எல்லாம் இதில் நன்றாக இருக்கும்.

கற்றாழை, பாம்புக் கற்றாழை, கள்ளி வகைகள், இசட்இசட் செடி ஆகியவற்றுக்குத் திரி வைத்தால் அழுகும். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு தடவை ஊற்றி, முழுதாக வடியவிட்டு, அப்படியே விட்டுவிடுங்கள். அவற்றுக்கு இரண்டு வாரம் ஒரு பொருட்டே அல்ல.

ஒர்க்கிட் வேறு கதை. கரித்துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு போன்ற பெரிய துண்டுகளில் அது நடப்பட்டிருக்கும். துண்டுகளுக்கிடையே காற்று இடைவெளி பெரிதாக இருப்பதால் திரியிலிருந்து தண்ணீர் பரவாது. அதைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவதே நல்லது.

முதலில் செடி எவ்வளவு குடிக்கிறது என்று அளங்கள்

பெரும்பாலானோர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். பிறகு பாத்திரம் ஒன்பதாம் நாளே வற்றிவிடுகிறது. சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் போதும். ஒரு மில்லிலீற்றர் தண்ணீரின் எடை ஒரு கிராம், ஆகவே எடை குறைந்த அளவே செடி குடித்த அளவு.

புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு தொடங்குங்கள். செடியை, நீங்கள் இல்லாதபோது அது இருக்கப்போகும் இடத்துக்கே மாற்றி வைத்து அளக்க வேண்டும். பல்கனியில் குடிக்கும் அளவு வேறு, அறைக்குள் குடிக்கும் அளவு வேறு.

ஓர் அந்தூரியத்தை எடுத்துக்கொள்வோம். 15 சென்ரிமீற்றர் வாயுள்ள பிளாஸ்டிக் சாடி. காலையில் நன்றாகத் தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் வடியவிட்டு நிறுத்தால் 1,850 கிராம். மூன்று நாள் கழித்து அதே நேரத்தில் நிறுத்தால் 1,640 கிராம். மூன்று நாளில் 210 கிராம், அதாவது நாளுக்கு 70 மில்லிலீற்றர். பதினான்கு நாளுக்கு 980 மில்லிலீற்றர் வரும்.

அந்த 980ஐ அப்படியே வைத்துவிட்டுப் போகாதீர்கள். அளந்த மூன்று நாளில் மண் மெல்ல மெல்லக் காய்ந்துகொண்டிருந்தது. திரி வைத்த மண்ணோ எப்போதும் ஈரமாக இருக்கும், அதனால் இலையும் மண்ணும் கூடுதலாக நீரை விடும். இடையில் வெயிலான சில நாட்களும் வரலாம். ஆகவே பாதியளவைக் கூடச் சேருங்கள். 980 ஏறத்தாழ 1,500 மில்லிலீற்றர் ஆகும். ஒன்றரை லீற்றர் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்சட்டியில் நட்ட செடி என்றால் சட்டியின் சுவரே தண்ணீரைக் குடித்து வெளியே விடும். அதையும் இதே முறையில் அளங்கள், கணக்கு தானாகவே கூடிவரும்.

திரி எதில் செய்வது

பொலியெஸ்டர் அல்லது அக்ரிலிக் நூலில் முறுக்கிய அல்லது பின்னிய, 5 முதல் 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள கயிறு மிக நல்லது. புறக்கோட்டையில் கயிறு, நூல் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். பொலியெஸ்டர் சப்பாத்து லேசும் வேலை செய்யும். பின்னல் ஊசி வேலைக்கு விற்கும் அக்ரிலிக் நூல் வீட்டில் இருந்தால், ஆறேழு இழையைச் சேர்த்துப் பின்னிக்கொள்ளலாம்.

உடுப்புக் காயப்போடும் வழுவழுப்பான நைலோன் கயிறு உதவாது. அதன் இழைகள் தடித்தவை, இடையில் நுண்ணிய இடைவெளி இல்லை, தண்ணீர் ஏறாது. பருத்தித் திரி தண்ணீரை வேகமாக ஏற்றும். ஆனால் மண்ணுக்குள் இருக்கும் பகுதி நம் வெப்பத்தில் பூஞ்சணம் பிடித்து மெலியத் தொடங்கும். வேறு வழியே இல்லை என்றால் புதிய, தடித்த பருத்தித் திரியை ஒரு பயணத்துக்கு மட்டும் பாவியுங்கள். எண்ணெய் ஊறிய பழைய விளக்குத் திரி வேண்டவே வேண்டாம், அதில் தண்ணீர் ஒட்டாது.

புதிய செயற்கை நூலிலும் தயாரிப்பின்போது பூசிய எண்ணெய்ப் பசை கொஞ்சம் இருக்கும். சவர்க்காரத் தூள் போட்டுக் கசக்கி, நுரை போகும்வரை அலசுங்கள். பிறகு ஒரு சோதனை: காய்ந்த துண்டு ஒன்றைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அடியில் 2 சென்ரிமீற்றர் மட்டும் தண்ணீரில் படும்படி வையுங்கள். தண்ணீரில் துளி சாயம் கலந்தால் பார்ப்பதற்கு இலகு. ஒரு மணி நேரத்தில் 10 சென்ரிமீற்றராவது ஏறாத நூலை ஒதுக்கிவிடுங்கள்.

15 சென்ரிமீற்றர் வரையிலான சாடிக்கு ஒரு திரி போதும். 20 வரை இரண்டு. அதற்கு மேற்பட்ட பெரிய சாடிகளில் நடுப்பகுதி நனைந்து ஓரம் காய்ந்துபோகும். மூன்று நான்கு திரி வைத்தாலும் முழு நம்பிக்கை சொல்ல முடியாது. அவற்றுக்கு இடையில் ஒரு தடவை யாராவது வந்து ஊற்றுவதுதான் பாதுகாப்பு.

பாத்திரம்: உயரத்தைவிட அகலம் முக்கியம்

திரி தண்ணீரை ஏற்றுவதற்கு ஓர் உயர எல்லை உண்டு. 15 சென்ரிமீற்றரைத் தாண்டினால் வரும் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். உயரமான, ஒடுங்கிய போத்தலில் தண்ணீர் மட்டம் ஒவ்வொரு நாளும் விறுவிறென்று இறங்கும். முதல் வாரம் நன்றாக ஓடிய திரி, இரண்டாவது வாரத்தில் அடியில் தண்ணீர் இருந்தும் எட்டாமல் நின்றுவிடும். திரும்பி வந்து பார்த்தால் போத்தலில் பாதித் தண்ணீர் இருக்கும், செடி வாடியிருக்கும். காரணம் புரியாமல் பலர் திரியைக் குறை சொல்வது இதனால்தான்.

இறுக்கமான மூடியுள்ள 4 லீற்றர் பெயின்ட் வாளி கைக்கு எட்டும் நல்ல பாத்திரம். பழைய வாளியென்றால் பூச்சு முழுவதையும் உரித்துக் கழுவ வேண்டும். அதன் வாய் ஏறத்தாழ 18 சென்ரிமீற்றர். அதில் ஒன்றரை லீற்றர் குறைந்தால் மட்டம் கிட்டத்தட்ட 6 சென்ரிமீற்றர்தான் இறங்கும். வாளியை மூடிக்கு மூன்று விரல் கீழ்வரை நிரப்பிவிட்டால், பதினான்காம் நாளிலும் தண்ணீர் திரிக்குக் கிட்டவே நிற்கும். அடியில் மிஞ்சும் தண்ணீர் வீணல்ல. மட்டத்தை உயர்த்திப் பிடிப்பதே அதன் வேலை. ஐஸ்கிரீம் பெட்டி சிறு சாடிகளுக்குச் சரி, ஆனால் ஈரச் சாடியின் கனத்தில் அதன் மூடி வளைந்து சாடி சரியும்.

மூடியின் நடுவில், திரியைவிடச் சற்றே பெரிய துளை ஒன்று போடுங்கள். சூடாக்கிய ஆணியால் போடலாம். திரி போன பிறகு மிஞ்சும் இடைவெளியில் நுளம்பு வலைத் துண்டு ஒன்றைச் சுருட்டி அடையுங்கள். பசையோ சிலிக்கனோ போட்டுக் காற்றுப் புகாமல் அடைக்கக்கூடாது. தண்ணீர் வெளியேற வெளியேற அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும், இல்லையென்றால் உள்ளே இழுவை உண்டாகித் திரியின் ஓட்டம் நின்றுவிடும்.

உள்ளே வெளிச்சம் புகும் வாளியென்றால் பாசி பிடிக்கும். பத்திரிகைத் தாளை இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டினால் போதும்.

திரியைச் சாடிக்குள் ஏற்றுதல்

இதைப் புறப்படுவதற்கு ஏழு நாள் முன்பு செய்யுங்கள். கடைசி நாளில் செய்தால் ஓடுகிறதா இல்லையா என்று பார்க்க நேரம் இருக்காது.

செடியைப் பிடுங்கி மறுபடி நட வேண்டியதில்லை. பயணத்துக்கு முன்பு வேரைக் கலைப்பது செடிக்கு வீண் சிரமம். முதல் நாள் தண்ணீர் ஊற்றி மண்ணை இளக்கிக்கொள்ளுங்கள். திரியை முழுதாகத் தண்ணீரில் ஊறவையுங்கள், காய்ந்த திரியை வைத்தால் அது இழுக்கத் தொடங்கப் பல மணி நேரம் ஆகும், சிலவேளை தொடங்காமலே போகும். பிறகு சாடியைப் பக்கவாட்டில் சரித்து, திரியின் நுனியை ஒரு பின்னல் ஊசியின் அல்லது மெல்லிய மூங்கில் குச்சியின் முனையில் மடித்துப் பிடித்து, அடித்துளை வழியாக மேல்நோக்கி மெதுவாகத் தள்ளுங்கள். சாடி உயரத்தில் பாதியைத் தாண்டி, மூன்றில் இரண்டு பங்குவரை போனால் போதும். தடுத்தால் பலமாகக் குத்தாமல் கொஞ்சம் விலகி வேறு வழி தேடுங்கள். குச்சியை உருவியதும், உள்ளே விரலாலோ அதே குச்சியாலோ மண்ணை மேலிருந்து இலேசாக அழுத்துங்கள். மண்ணுக்கும் திரிக்கும் இடையே காற்று இடைவெளி இருந்தால் அத்தனை வேலையும் வீண்.

மேலிருந்து ஒரு தடவை நன்றாகத் தண்ணீர் ஊற்றி, முழுவதும் வடியவிடுங்கள். அதன் பின்புதான் சாடியை வாளி மூடிமேல் வைக்க வேண்டும். பெயின்ட் வாளி மூடியின் ஓரம் உயர்ந்து நடு பள்ளமாக இருப்பதால், வடியும் தண்ணீர் அங்கே தேங்கும். வாளியைக் கவனமாக மூடிவிட்டு, மூடிமேலேயே நுளம்புக்குக் குளம் வெட்டிக் கொடுத்தது போல ஆகிவிடும். வைத்த மறுநாளும் ஒரு தடவை தடவிப் பார்த்துத் துடையுங்கள்.

திரியின் கீழ்முனை வாளியின் அடியைத் தொட வேண்டும், அங்கே ஒரு சிறு கல்லைக் கட்டிவிட்டால் மிதக்காது.

ஏழு நாள் சோதனை

வாளியின் உள்பக்கத்தில் தண்ணீர் மட்டத்தை மார்க்கர் பேனையால் குறித்துக்கொள்ளுங்கள். இந்த நாட்களில் மேலிருந்து ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். மூன்றாம் நாளிலும் ஐந்தாம் நாளிலும் பாருங்கள்.

மேல்மண்ணை விரலால் தொட்டால் முதல் 2 சென்ரிமீற்றர் காய்ந்தும் அதற்குக் கீழ் குளிர்ச்சியாகவும் இருந்து, சாடியும் கனமாகவே இருந்தால் எல்லாம் சரி. மேல்மண் காய்ந்து பலரும் பயப்படுவது இந்த இடத்தில்தான். திரி அடியிலிருந்து நனைப்பதால் மேலே காய்ந்திருப்பது இயல்பு.

மட்டம் இறங்கவே இல்லை, சாடியும் இலேசாகிக்கொண்டு வருகிறது என்றால் திரி மண்ணைத் தொடவில்லை, அல்லது மண் முழுதாகக் காய்ந்து சுருங்கிவிட்டது. மறுபடி மேலிருந்து நனைத்து, மண்ணை அழுத்தி, இரண்டு நாள் பாருங்கள்.

மேல்மண்ணே சொதசொதவென்று இருந்து, புளித்த மணம் வந்து, மண்ணில் சின்னஞ்சிறு கறுப்புப் பூச்சிகள் பறந்தால் தண்ணீர் கூடிப்போகிறது. பெரும்பாலும் மண்தான் காரணம். தோட்டத்துச் செம்மண் மட்டும் போட்டு இறுக்கிய சாடியில் வேருக்குக் காற்றே இருக்காது. தென்னந்தும்புத் தூளோடு பருமணலோ உமிக்கரியோ கலந்த மண்ணில்தான் திரி அளவாக வேலை செய்யும். மாற்ற நேரம் இல்லையென்றால் திரியை மெலிதாக்குங்கள். ஆறு இழைத் திரியில் மூன்று இழையை உருவிவிட்டால் ஓட்டம் குறையும்.

எங்கள் அந்தூரியத்தின் வாளியில் ஐந்தாம் நாள் மட்டம் 2 சென்ரிமீற்றர் இறங்கியிருந்தால், அது ஏறத்தாழ 500 மில்லிலீற்றர், நாளுக்கு 100. தராசு சொன்ன 70ஐவிடக் கூட. பதினான்கு நாளுக்கு 1,400 ஆகும், நாம் ஒதுக்கிய 1,500க்குள் அடங்குகிறது. மட்டம் 3 சென்ரிமீற்றர் இறங்கியிருந்தால் பதினான்கு நாளில் ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர் இறங்கும். வாளியில் தண்ணீர் இருக்கும், ஆனால் திரியின் எல்லைக்குக் கிட்ட வரும். அப்போது செடியை யன்னலிலிருந்து ஓர் அடி உள்ளே தள்ளி வைத்தாலே குடிக்கும் அளவு குறையும்.

போத்தலைப் பக்கத்தில் வைக்க விரும்பினால்

சாடியை எதன்மேலும் ஏற்ற முடியாத இடத்தில், மூடியில் துளையிட்ட போத்தலைப் பக்கத்தில் வைத்து, திரியை மேலிருந்து மண்ணில் 8 சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் புதைக்கலாம். இதில் ஒரே ஒரு விதிதான், ஆனால் மீறக்கூடாது: போத்தலின் தண்ணீர் மட்டம் எப்போதும் மண் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். போத்தலை ஸ்டூல்மேலோ யன்னல் தட்டிலோ உயர்த்தி வைத்தால், திரி உறிஞ்சுகுழாயாக மாறித் தண்ணீரைத் தானாக இறக்கத் தொடங்கும். மண் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அது நிற்காது. ஒரு நாளில் போத்தல் காலியாகி, தண்ணீர் சாடியடியால் ஓடித் தரையில் நிற்கும். திரியின் நடுப்பகுதி தொய்ந்து போத்தல் மட்டத்துக்குக் கீழே தொங்கினாலும் அங்கிருந்து சொட்டும். வெளியே தெரியும் திரிப் பகுதியைக் குளிர்பான உறிஞ்சு குழலுக்குள் விட்டால் காற்றில் காயாது.

செய்யக்கூடாதவை

போத்தலைத் தலைகீழாக மண்ணில் குத்திவிட்டுப் போவது பலர் செய்வது. காற்றுக் குமிழி உள்ளே போனால்தான் தண்ணீர் இறங்கும். மண் இளகியிருந்தால் முழுப் போத்தலும் சில மணி நேரத்தில் இறங்கிவிடும், இறுகியிருந்தால் வாய் அடைத்து ஒன்றுமே இறங்காது. இரண்டு வாரத்துக்கு அதை நம்ப முடியாது.

சாடியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்திவிட்டுப் போனால் அடிவேர் மூச்சுத் திணறி அழுகும். நுளம்பைப் பற்றி மேலே சொல்லியாகிவிட்டது.

நுளம்பைத் தடுக்கத் தண்ணீரில் மண்ணெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ உப்போ போடாதீர்கள். எண்ணெய்ப் படலத்தைத் திரி தாண்டித்தான் வெளியே வருகிறது, இழைகளில் எண்ணெய் ஏறிவிட்டால் தண்ணீர் ஏறாது. உப்பு நேரே வேருக்குப் போகும். மூடியும் வலையும்தான் காவல்.

வாளியில் உரம் கரைக்க வேண்டாம். திரி ஏற்றும் உரம் மேல்மண்ணில் வெள்ளைப் படையாகச் சேர்ந்து இலை நுனியைக் கருக்கும். புறப்படும் வாரத்தில் மேலிருந்தும் உரம் போடாதீர்கள், புதுத் துளிர் விடும் செடி கூடுதலாகக் குடிக்கும்.

பல்கனிச் செடியை உள்ளே எடுங்கள். இடைப்பருவ மழையின் மாலை இடிமழை ஒன்று சாய்வாக அடித்தால் சாடி வழியாக வாளி நிரம்பி மூடிமேல் வழியும். ஆனால் இருட்டறையிலோ குளியலறையிலோ அடைக்காதீர்கள். யன்னலிலிருந்து ஒன்றிரண்டு மீற்றர் தள்ளி, நேர் வெயில் படாத வெளிச்சம் வேண்டும். மேற்குப் பார்த்த யன்னல் என்றால் மெல்லிய திரையை இழுத்துவிடுங்கள். ஏப்ரலில் கொழும்பின் உச்சிக்கு நேரே சூரியன் வரும் நாட்களில் பூட்டிய அறை நன்றாகவே சூடேறும், அந்த மாதத்துக்கு அளவோடு இன்னும் அரை லீற்றர் சேருங்கள்.

புறப்படும் நாளும் திரும்பும் நாளும்

காலையில் வாளியை மூடிக்கு மூன்று விரல் கீழ்வரை மறுபடி நிரப்பி, மூடியைச் சுற்றி அழுத்தி, துளையின் வலை அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்த இலை, வாடிய பூக்களை நறுக்கிவிடுங்கள். மூடிமேல் ஈரம் இருந்தால் துடையுங்கள்.

திரும்பி வந்ததும் வாளியைத் திறந்து மட்டத்தை மார்க்கரால் குறித்துவையுங்கள், அடுத்த பயணத்துக்கு அளவு தெரிந்துவிடும். மண் ஈரமாகவே இருக்கும், உடனே ஊற்ற வேண்டாம். சாடியை இறக்கி இரண்டு மூன்று நாள் கழித்து வழமைபோல ஊற்றலாம். வாளியை வெறுமனே கவிழ்த்து அடுக்கிவிடாதீர்கள். ஈடிஸ் தண்ணீருக்குள் அல்ல, மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில்தான் முட்டையிடும். அந்த முட்டை காய்ந்த பின்பும் பல மாதம் உயிரோடிருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வலை எங்காவது விலகியிருக்கக்கூடும், ஆகவே வாளியின் உள்சுவரைச் சவர்க்காரத்தோடு நாருருண்டையால் அழுத்தித் தேய்த்து, கொதிநீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்து மூடிபோட்டு எடுத்து வையுங்கள்.